பிடி இல்லாத கபடி: தொடுறதா, ரிப்பனா, வட்டமா?

கபடில ரெண்டு வேலைதான் இருக்கு. பாடிப் போறவன் தொடணும், எதிர்ல நிக்கிறவங்க பிடிக்கணும். மாற்றுத்திறனாளிப் பசங்களும் மத்த பசங்களும் ஒண்ணா சேர்ந்து வெளையாடணும்னு முடிவு பண்ணிட்டா பிடிய எடுத்தாகணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பிடிய எடுத்துட்டு அந்த எடத்த காலியா விட்டா என்ன ஆகும்னு யாரும் யோசிக்கிறதில்ல. நான் முதல் தடவ அப்படித்தான் பண்ணேன், பிடி கிடையாது, தொட்டா அவுட், அவ்ளோதான்னு சொல்லி விட்டேன். பத்து நிமிஷத்துல எதிர் டீம் மொத்தமும் கடைசிக் கோட்டுல போய் முதுக ஒட்டி நின்னுட்டாங்க. ஏன்னா அவங்களுக்கு செய்ய ஒண்ணுமே இல்ல, ஓடி ஒளியிறது மட்டும்தான். வேகமா ஓடுற ரெண்டு பசங்க மாத்தி மாத்திப் பாடிப் போய் பாயிண்ட் அள்ளிட்டு வந்தாங்க, மத்தவங்க எல்லாம் வேடிக்கை.

அதனால முடிவு பண்ண வேண்டியது பிடிக்கு பதிலா என்ன வைக்கிறதுங்கிறதத்தான். பாதுகாப்பு விதி எல்லாம் அதுக்கு அப்புறம் தானா வரும்.

சிலர் சொல்வாங்க, பிடி இருக்கட்டும், மெதுவா பிடிக்கச் சொல்லலாமேன்னு. அது வேலைக்கு ஆகாது. கணுக்கால், தொடை, இடுப்பு, இப்படி எங்க பிடிச்சாலும் ஓடுற உடம்ப நிறுத்துறதுதான் பிடி, அதுல மெதுவாங்கிற அளவே கிடையாது. கால தாங்குறதுக்கு மாட்டுற கம்பிச் சட்டம், அதான் காலிபர், அது போட்ட கால இழுத்தா முட்டி திரும்பும். டவுன் சின்ட்ரோம் இருக்கிற பசங்கள்ல சிலருக்கு கழுத்தோட மேல் ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற கட்டு தளர்வா இருக்கும், பாத்தா வெளில எதுவுமே தெரியாது, கழுத்து படக்குனு மடங்கினா தண்டுவடத்துக்கே ஆபத்து. அந்தப் பசங்க எந்த ஓட்ட வெளையாட்டுக்கு வந்தாலும் அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சேக்கணும், பிடி இல்லாத கபடிக்கும் அது பொருந்தும்.

இப்ப ஒரு குரூப்ப எடுத்துக்குவோம். பத்துப் பேர், 9லேர்ந்து 12 வயசு. ஒரு பொண்ணு வீல்சேர்ல வருவா, கை நல்ல பலம். ஒரு பையன் காலிபர் போட்டு நடப்பான், ஓட முடியாது, வேகமா நடப்பான். ஒருத்தனுக்கு பார்வை ரொம்ப குறைவு, நிழல் மாதிரி தெரியும். ஒருத்திக்கு காது கேக்காது. ஒருத்தனுக்கு ஆட்டிசம், யாராவது திடீர்னு மேல கை வச்சா தாங்க மாட்டான், விசில் சத்தமும் ஆகாது. மிச்ச அஞ்சு பேர் சாதாரணமா ஓடுற பசங்க, அதுல ஒருத்திக்கு ஆஸ்துமா. இந்தப் பத்துப் பேருக்கு எது சரிப்படும்னு ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல் வழி தொடுறது. பாடிப் போறவன் தொட்டா இவங்க அவுட், இவங்க ரெண்டு கையாலயும் அவன முதுகுல தொட்டா அவன் அவுட். சாமான் எதுவும் வேணாம், சொல்லிக் குடுக்க ஒரு நிமிஷம். எல்லாரும் முதல்ல இதத்தான் பிடிப்பாங்க. ஆனா ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஒரு சிக்கல் வரும், யாரு யாரத் தொட்டாங்க? பாடிப் போறவன் கை இவன் தோள்ல படுது, அதே நொடில இவன் கை அவன் முதுகுல படுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தொடுறதுதான் வேலைன்னா எது முதல்ல நடந்துச்சுன்னு சொல்ல நடுவரால முடியாது, ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு பஞ்சாயத்து. பஞ்சாயத்துல யாரு ஜெயிப்பா, சத்தமா பேசுறவன்தான். காது கேக்காத பொண்ணும் மெதுவா பேசுற பையனும் எல்லா தடவையும் தோப்பாங்க. இன்னொரு விஷயம், தொட்டது தெரியணும்கிறதுக்காகவே பசங்க பலமா அடிக்க ஆரம்பிப்பாங்க, தொடுறது தட்டுறதாகும், தட்டுறது தள்ளுறதாகும். முதுகுல தள்ளு வாங்கினா முகம் குப்புறதான் விழுவாங்க. ஆட்டிசம் இருக்கிற பையன பத்தி நான் தனியா சொல்லவே வேணாம்.

ரெண்டாவது வழி ரிப்பன். பாடிப் போறவன் இடுப்புல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு துணி வால் சொருகியிருக்கும், எதிர்ல இருக்கிறவங்க அதுல ஒண்ண உருவிட்டா அவன் பிடிபட்ட மாதிரி. இதோட பெரிய லாபம் சாட்சி கையில இருக்கு. உருவுனவன் கையத் தூக்கிக் காட்டுனா முடிஞ்சுது, வாதாட ஒண்ணும் இல்ல. அதவிட முக்கியம், பாடிப் போறவன் கையால தொடுறான், மத்தவங்க ரிப்பன உருவுறாங்க, ரெண்டும் வேற வேற வேலை. முதல் வழில இருந்த யாரு யாரத் தொட்டாங்கங்கிற குழப்பம் இதுலயே போயிடுது. அவன தள்ளி ஒரு பிரயோஜனமும் இல்ல, அதனால தள்ள மாட்டாங்க.

ரிப்பன்ல தப்பு நடக்கிற எடமும் உண்டு. முதல் தப்பு, கட்டி விடுறது. ரிப்பன எப்பவும் சொருகத்தான் செய்யணும், கட்டக் கூடாது. கட்டுனா உருவுறப்ப பிள்ளையே சேர்ந்து வரும். 40 சென்டிமீட்டர் துணி, அதுல 10 உள்ள சொருகி 30 வெளிய தொங்குனா போதும், நுனில ஒரு முடிச்சு போட்டு விடுங்க, கைப்பிடி பலம் இல்லாத பசங்களுக்கு முடிச்சு விரல் இடுக்குல மாட்டும். ரெண்டாவது தப்பு இன்னும் மோசம், ரெண்டு பேர் ஒரே ரிப்பனுக்குக் குனிஞ்சு மண்டையோட மண்டை மோதுறது. பிடி இல்லாத கபடில நான் பாத்த உருப்படியான அடி எல்லாம் இதுதான், கீழ விழுந்த அடி கூட இல்ல. அதுக்கு ஒரே வழி, துரத்துறது ரெண்டே பேர், இடது பக்கம் நிக்கிறவன் இடது ரிப்பன மட்டும், வலது பக்கம் நிக்கிறவன் வலது ரிப்பன மட்டும். பக்கம் மாறி உருவுனா செல்லாது. இத மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, பசங்க கெஞ்சுவாங்க.

மூணாவது வழி வட்டம். எதிர் டீம்ல ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு உள்ள நிக்க வைக்கிறது. வட்டத்த விட்டு கால் வெளிய வரக் கூடாது, கைய நீட்டலாம், உள்ளயே ஒதுங்கலாம். பாடிப் போறவன் நடுவுல புகுந்து யாரையாவது தொட்டுட்டு நடுக்கோட்டுக்கு திரும்பணும். யாரும் யாரையும் துரத்துறதில்ல, அதனால மோதுறதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி. பார்வை குறைவான பையனுக்கு இது சொர்க்கம், தன் எடம் எதுன்னு அவனுக்கு தெரியும், யாரும் பின்னாலேர்ந்து வந்து இடிக்க மாட்டாங்க. வீல்சேர் பொண்ணுக்கும் நல்லது, ஒரு வீல்சேர் ஒரே எடத்துல முழுசா திரும்ப ஒன்றரை மீட்டர் வேணும், வட்டத்தோட குறுக்களவையும் அதே அளவா வச்சா அவ உள்ளயே சுத்தி சுத்தி தப்பிக்கலாம். குறைன்னு பாத்தா ஓடுற பசங்களுக்கு அரை மணி நேரத்துல சலிச்சுப் போகும். துரத்தல் இல்லாத கபடில அந்தக் கடைசி ரெண்டு அடி தாவி நடுக்கோட்ட தொடுற பதட்டமே இருக்காது. அது போனா கபடி போச்சு.

நாலாவதா ஒண்ணு சிலர் சொல்வாங்க, கை கோத்து சங்கிலியா நின்னு வழிய மறிக்கிறது, பிடிக்கவே வேணாம்னு. பேப்பர்ல நல்லா இருக்கும். ஓடி வர்றவன் கழுத்துக்கு நேரா ஒரு கயிறு கட்டுன மாதிரி கை நிக்கும், யோசிச்சுப் பாருங்க. வேணாம், விட்டுடுங்க.

என் முடிவு ரிப்பன்தான், ஆனா வட்டத்தையும் அதுக்குள்ள இழுத்துக்கணும். எப்படின்னு சொல்றேன்.

கோர்ட் 12க்கு 8 மீட்டர் போதும், பெண்கள் கபடிக்கு இருக்கிற அதே அளவு. ஆண்களுக்கான 13க்கு 10 அஞ்சஞ்சு பேருக்கு ரொம்ப பெருசு. பாதி கோர்ட் 6 மீட்டர் ஆழம். அதுல மூணு வட்டம் போடுங்க, நடுக்கோட்டுலேர்ந்து ஒண்ணரை மீட்டர்ல ஒண்ணு, மூணு மீட்டர்ல ஒண்ணு, நாலரை மீட்டர்ல ஒண்ணு, மூணும் ஒரே வரிசைல இல்லாம இடது, நடு, வலதுன்னு தள்ளித் தள்ளி, நடுவுல வீல்சேர் தாராளமா போற மாதிரி. அஞ்சு பேர்ல மூணு பேர் வட்டத்துல காவல், ரெண்டு பேர் கடைசிக் கோட்டுக்கு வெளிய வேட்டை. பாடிப் போறவங்க பக்கத்து வட்டத்துல இருக்கிறவங்கள தொட்டா 1 பாயிண்ட், நடு வட்டம் 2, தூர வட்டம் 3. தொட்டதும் வேட்டை ஆரம்பம், அதுக்கு முன்னாடி வேட்டைக்காரங்க நகரக் கூடாது. நடுக்கோட்ட தாண்டுறதுக்குள்ள ஒரு ரிப்பன உருவிட்டா பாயிண்ட் உருவுன டீமுக்கு. திரும்பிப் போற வழில வட்டத்துல இருக்கிறவங்களும் ஒரு கைய நீட்டி உருவலாம், கால் உள்ளயே இருக்கணும்.

இதுல நான் பெருமையா நினைக்கிறது வேட்டைக்காரங்கள கடைசிக் கோட்டுல வச்சதத்தான். அவங்க பின்னாலேர்ந்து வர்றாங்க, பாடிப் போனவன் முன்னால ஓடுறான், ஓடுற எல்லாரும் ஒரே திசை. நேருக்கு நேர் மோதல்ல ரெண்டு பேர் வேகமும் கூடும், ஒரே திசைல ஓடுறப்ப வித்தியாசம் மட்டும்தான் அடி. நிஜக் கபடில பின்னாடி நகர்ந்துகிட்டே பின்பக்கமா விழுறதும் உண்டு, இதுல யாரும் பின்னாடி ஓட வேண்டிய அவசியமே வராது. ஒரே பயம் நடுக்கோட்ட தாண்டினதும் பிரேக் போட முடியாம போறது, அதனால எதிர்ப்பக்கம் அந்த நேரத்துல அவன் டீம் பசங்க ஓரமா நிக்கணும், சுவரோ கம்பமோ கோர்ட்டச் சுத்தி மூணு மீட்டருக்குள்ள இருக்கக் கூடாது.

தரை விஷயத்துல ஒரு இழுபறி இருக்கு. கபடிக்கு இளகின மண்ணுதான் அழகு, விழுந்தா வலிக்காது. ஆனா அதுல வீல்சேர் சக்கரம் புதையும், காலிபர் கால் மாட்டும். அவங்களுக்காக கெட்டியான சமதரைக்குப் போனா விழுறவங்களுக்கு முட்டித் தோல் உரியும். ரெண்டுல கெட்டித்தரையத்தான் எடுப்பேன், டைவ் அடிக்கிறதையும் சறுக்குறதையும் முழுசா தடை பண்ணிட்டு முட்டிக்கு பட்டை போட்டுக்கச் சொல்லுவேன். டைவ் அடிச்சு நடுக்கோட்ட தொட்டா பாயிண்ட் இல்லைன்னு ஒரு தடவ சொன்னா போதும், அப்புறம் அடிக்க மாட்டாங்க.

பாட்டு பத்தி. ஒரே மூச்சுல கபடி கபடின்னு பாடணும்கிறது ஆஸ்துமா பொண்ணுக்கும் பேச்சு வராத பசங்களுக்கும் ஆகாது, அதனால மூச்சுக்கு பதிலா நேரம். பெரியவங்க போட்டில ஒரு ரைடுக்கு 30 நொடி, இங்க 20 வைங்க. ஆஸ்துமா பொண்ணோட இன்ஹேலர் வீட்டுப் பையில இல்லாம கோர்ட் ஓரத்துல இருக்கணும். இதுவரைக்கும் எல்லாரும் செய்வாங்க. அடுத்து நல்ல எண்ணத்துல ஒரு தப்பு பண்ணுவாங்க, பாடிப் போறவனுக்கு பதிலா டீம் மொத்தமும் பின்னாடி நின்னு பாடட்டும்னு. நானும் பண்ணேன். அன்னைக்கு பார்வை குறைவான பையன் வட்டத்துல திருதிருன்னு முழிச்சுகிட்டு நின்னான், ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அவனுக்கு அந்தப் பாட்டுதான் கண்ணு. பாட்டு வர்ற எடத்துலதான் ஆள் இருக்கான்னு வச்சுத்தான் அவன் ஒதுங்குவான், சத்தம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தா ஆள் எங்கன்னு எப்படித் தெரியும். அதுலேர்ந்து பாட முடியிறவங்க விட்டு விட்டு மூச்சு எடுத்துப் பாடலாம், பாட முடியாதவங்க இடுப்புப் பட்டைல ஒரு சின்ன மணி மாட்டிக்கலாம்னு வச்சோம். சத்தம் ஆகாத பையனுக்கு? ஆட்டிசம் இருக்கிறவனுக்கு அந்தச் சின்ன மணி பரவாயில்லாம இருந்துச்சு, விசில்தான் ஆகல. விசில நிறுத்திட்டு நடுவர் ஒரு கலர் துணியத் தூக்கி, கூடவே வாயால நேரம்னு சொல்றது, இது காது கேக்காத பொண்ணுக்கும் சேர்த்தே உதவிடுச்சு. ரைடு நடக்கிறப்ப வெளில இருக்கிறவங்க கத்தக் கூடாது, கத்துனா மணி கேக்காது. பசங்க இத முழுசா கடைப்பிடிப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், திரும்பத் திரும்ப சொல்லிகிட்டேதான் இருக்கணும்.

தொடுறது தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும், விரிச்ச உள்ளங்கையால. தொட்டா தாங்க மாட்டாத பையன் சட்டைக் கைல ஒரு ரிப்பன மடிச்சு சொருகி விட்டுருங்க, அவன தொடுறதுக்கு பதிலா அத உருவுனா போதும். வீல்சேர்ல இருக்கிற பொண்ண தொடுறதுக்கு நாற்காலி கைப்பிடி. பார்வை குறைவான பையன் பாடிப் போறப்ப அவன் டீம்ல ஒருத்தர் கூடப் போகலாம், கூடப் போறவங்க இவனப் பிடிச்சு இழுக்கக் கூடாது, அவங்க முழங்கைக்கு மேல இவன் பிடிச்சுக்கணும், அப்பதான் எப்ப வேணா விடலாம்.

வீல்சேர் பொண்ணோட ஒரு ரைட முழுசா பாருங்க. அவ ரெண்டு கையும் சக்கரத்துல, தொடணும்னா தள்ளுறத நிறுத்தணும். அதனால மடில குறுக்கா அரை மீட்டர் ஸ்பாஞ்ச் குச்சி, அதால தொட்டாலும் செல்லும். ரிப்பன் ரெண்டும் இடுப்புல இல்ல, நாற்காலி முதுகு மேல் மூலைல, அதுவும் 20 சென்டிமீட்டர் மட்டும், நீளமா விட்டா சக்கரக் கம்பில சுத்திக்கும். கால் வைக்கிற தகடு மத்த பசங்க முழங்கால் கீழ எலும்புக்கு நேரா வரும், அது இரும்பு, அதுல ஸ்பாஞ்ச் சுத்தி டேப் போட்டாச்சு. நாற்காலிக்கு முன்னாடி யாரும் குறுக்க போகக் கூடாது. நேரம் ஆரம்பிக்குது, அவ பக்கத்து வட்டத்த விட்டுட்டு நடு வட்டத்துக்குப் போறா, ஏன்னா அங்க நிக்கிறது காலிபர் பையன், ஆனா அவன் கில்லாடி, கடைசி நொடில சாஞ்சுடுறான். ரெண்டாவது வீச்சுல குச்சி அவன் கைல படுது. இப்ப அவ வண்டிய முழுசா திருப்பணும், அதுக்கு ரெண்டு மூணு நொடி ஆகும், அதுக்குள்ள வேட்டைக்காரங்க மூணு மீட்டர் ஓடி வந்துருவாங்க. அதனால அவ தொட்டா வேட்டைக்காரங்க சத்தமா ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டுத்தான் கிளம்பணும். அத சலுகையா பசங்க எடுத்துக்கல, வண்டி திரும்புற நேரம்னு சொன்னா உடனே ஒத்துக்கிட்டாங்க. அன்னைக்கு வலது ரிப்பன் நடுக்கோட்டுக்கு ஒரு அடி முன்னாடி போச்சு, அவ கோவத்துல ஸ்பாஞ்ச் குச்சிய தூக்கி எறிஞ்சா, அது தனிக் கதை.

இப்படி எண்ணிட்டு கிளம்புறது எனக்கு பிடிக்கும், ஆனா இன்னொரு வகை சலுகை இருக்கே, அவ தொட்டா ரெண்டு மடங்கு பாயிண்ட்னு, அத வைக்காதீங்க. பசங்க அவள டீமுக்கு எடுக்கிறது பாயிண்டுக்காகன்னு ஆயிடும், அவளுக்கும் அது தெரியும்.

அவுட் ஆனா வெளிய உக்கார வைக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க. வழக்கமான கபடில அவுட் ஆனவன் தன் டீம் எதிர் டீம் ஆள அவுட் பண்ணாத்தான் உள்ள வர முடியும், மெதுவா நகர்ற பசங்க அடிக்கடி வெளிய போய் ரொம்ப நேரம் அங்கயே இருப்பாங்க. இங்க பாயிண்ட் மட்டும்தான், ஆள் வெளிய போறதில்ல. பாடிப் போறதும் வரிசைப்படி, எல்லாரும் ஒரு தடவ. ஒரு டீமுக்கு அஞ்சு ரைடு, ரெண்டு டீமுக்கும் பத்து, ரைடு 20 நொடி, எடம் மாறி ரிப்பன் சொருக 40 நொடி, ஆக ஒரு சுத்து பத்து நிமிஷம். சுத்து முடிஞ்சதும் வட்டமும் வேட்டையும் மாத்திக்கணும். இங்க ஒரு கேள்வி வரும், வேட்டைக்கு ஓட முடியாதவங்கள போடலாமா? கேட்டு முடிவு பண்ணுங்க. காலிபர் பையன் வேட்டைக்கு வேணும்னு கேட்டான், போட்டோம், அவன் பக்கத்து ரிப்பன் பெரும்பாலும் தப்பிச்சுது, ஆனா பாடிப் போறவங்க எல்லாம் அந்தப் பக்கமே ஓட ஆரம்பிச்சதும் இன்னொரு வேட்டைக்காரன் வழிய முன்கூட்டியே கணிச்சான். வீல்சேர மட்டும் துரத்துற வேலைக்கு நான் விடல, ஓடுற காலுக்குப் பின்னால சக்கரம் வர்றது எனக்கு ஒத்துக்கல. அவளுக்கு அதுல இன்னமும் வருத்தம்.

சரியா போகுதான்னு பாக்க, பத்து ரைடுல எத்தன பேர் பாயிண்டோட திரும்புறாங்கன்னு எண்ணுங்க. நாலுலேர்ந்து ஆறுக்குள்ள இருந்தா நல்லா இருக்கு. எட்டு ஒம்பது பேர் திரும்புனா வேட்டைக்காரங்கள ஒரு மீட்டர் முன்னாடி நிக்க விடுங்க, ஒருத்தர் ரெண்டு பேர்தான் திரும்புறாங்கன்னா ஒரு மீட்டர் பின்னாடி. ஆள் எண்ணிக்கைய கூட்டாதீங்க, மூணாவது வேட்டைக்காரன் வந்தா மண்ட மோதல் திரும்ப வந்துரும். இன்னொண்ணும் கவனிங்க, எல்லாரும் ஒரே பிள்ளையத் தொட்டுட்டு வர்றாங்களா? அப்படின்னா ஒருத்தர அடுத்தடுத்து ரெண்டு ரைடுல தொடக் கூடாதுன்னு விதி போட்டுருங்க.

துணியே இல்ல, திடீர்னு கூடின பசங்க, எல்லாரும் ஓடுறவங்க, கொஞ்சம் பெரியவங்கன்னா முதல் வழிய எடுத்துக்கலாம், தொட்டதுக்கு அப்புறம்தான் வேட்டைங்கிற விதிய மட்டும் சேர்த்துக்கங்க, பாதி பஞ்சாயத்து கொறையும். பசங்க ஒருத்தர ஒருத்தர் முதல் தடவ பாக்குறாங்கன்னா முதல் நாள் வெறும் வட்டம். யாரு எவ்வளவு வேகம், யாருக்கு எது ஆகாதுன்னு அதுலயே தெரிஞ்சுரும், ரெண்டாம் நாள் ரிப்பன எடுங்க.